கறுப்பாக இருப்பதெல்லாம் பின்னணி இல்லை: நகைப் படம் வெட்டுபவர்களுக்கு

கறுப்புப் பின்னணியில் எடுத்த தங்க மோதிரப் படம் ஒன்று வேலைக்கு வந்தது. பின்னணியை ஏற்கெனவே யாரோ வெட்டி, வெள்ளையில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரு வரி: "எல்லாம் சரியா இருக்கு, ஜொலிப்பு மட்டும் போயிடுச்சு. அதை மட்டும் கொண்டு வந்துடுங்க." பெரிதாக்கிப் பார்த்தால் வளையத்தின் இடது விளிம்பு எலி கடித்த மாதிரி இருக்கிறது. கல்லைப் பிடித்திருக்கும் ஆறு கம்பி நுனிகளில் இரண்டைக் காணவில்லை. வைரத்துக்குள்ளே வெள்ளை ஓட்டைகள். இதில் ஜொலிப்பை எங்கே வைத்து ஒட்டுவது? மூலப் படத்தைக் கேட்டு வாங்கி, முதலிலிருந்துதான் செய்ய வேண்டியிருந்தது. இதே கோலத்தில் படங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாக் கோளாறும் "பின்னணி கறுப்பு, அதனால் கறுப்பை நீக்கினால் நகை மிஞ்சும்" என்ற ஒரே நினைப்பிலிருந்து வருகிறது. மெருகேற்றிய உலோகம் கண்ணாடி போலத்தான் வேலை செய்யும். தன்னைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். விளக்கைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாகத் தெரியும், கறுப்புத் துணியைப் பார்க்கும் பக்கம் கறுப்பாகத் தெரியும். உருண்டையான வளையத்தில் விளிம்பை நெருங்க நெருங்க உலோகம் பின்னணியின் பக்கம் திரும்புகிறது. ஆகவே கறுப்பு அதிகமாகப் படிவதும் சரியாக வெட்டு விழ வேண்டிய அந்த விளிம்பில்தான். அந்தக் கறுப்பும் தங்கம்தான். தயவுசெய்து அதை அழிக்காதீர்கள்.

நான் சொன்ன மோதிரத்தையே எடுத்துக்கொள்வோம். 0 என்றால் முழுக் கறுப்பு, 255 என்றால் முழு வெள்ளை என்ற கணக்கில் பின்னணியின் வெளிச்ச அளவு சுமார் 15. வளையத்தின் இடது ஓரத்தில் ஓடும் கருங்கோட்டின் அளவு சுமார் 25. ஃபோட்டோஷாப்பில் மேஜிக் வாண்டின் டாலரன்ஸ் யாரும் மாற்றாவிட்டால் 32. பின்னணியில் ஒரு கிளிக் செய்தால் அந்தக் கோடும் சேர்ந்தே போகும், வேறு வழியே இல்லை. Contiguous டிக் போட்டிருந்தால் விளிம்பு வழியாக உள்ளே புகுந்து தின்னும். டிக்கை எடுத்துவிட்டாலோ வைரத்தின் இருண்ட பட்டைகளும் சேர்ந்து காலியாகும். டாலரன்ஸைக் கூட்டிக் குறைத்து உட்கார்ந்திருப்பது வீண் வேலை. வெளிச்ச அளவை மட்டும் பார்க்கும் கருவிக்கு எது துணி, எது தங்கத்தில் விழுந்த துணியின் பிம்பம் என்று தெரியாது.

ஜொலிப்பு போனதற்கும் இதுவே காரணம். 250 அளவுள்ள ஒரு வெளிச்சக் கீற்று, 25 அளவுள்ள கறுப்பை ஒட்டி இருக்கும்போதுதான் உலோகமாகத் தெரிகிறது. அந்தக் கறுப்பை நீக்கியோ வெளுக்கவைத்தோ விட்டால், அதே கீற்று மஞ்சள் பிளாஸ்டிக்கில் விழுந்த வெளிச்சம் போல ஆகிவிடும்.

எனவே உருவத்தைப் பென் டூலால் வெட்டுங்கள். கறுப்பின்மேல் கறுப்பு விளிம்பு தெரியவில்லை என்பார்கள். படத்தின்மேல் ஒரு கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு இருட்டுப் பகுதியை நன்றாக உயர்த்துங்கள். படம் அசிங்கமாகத் தெரியும், ஆனால் விளிம்பு வெளியே வந்துவிடும். பாதை போட்டு முடித்ததும் அந்த லேயரை நீக்கிவிடலாம். அப்போதும் விளிம்பு தெரியாத இடத்தில், இரண்டு பக்கமும் தெரியும் வளைவைத் தொடர்ந்து இணையுங்கள். மோதிரத்தின் வளைவு சீரானது, அங்கே மேடுபள்ளத்துக்கு இடமில்லை. புள்ளி குறைவாக வைத்தால் வளைவு வழுவழுப்பாக வரும். விளிம்புக்கு ஒரு பிக்சல் உள்ளே போங்கள், ஏனெனில் கடைசிப் பிக்சலில் தங்கமும் கறுப்பும் கலந்திருக்கும். வளையத்தின் நடுத்துளை, கம்பிகளுக்கு இடையிலுள்ள சந்து, சங்கிலியானால் ஒவ்வொரு கண்ணி, இவை எல்லாவற்றுக்கும் தனித்தனியே உள்பாதை வேண்டும். ஃபெதர் 0.3 முதல் 0.5 பிக்சல் வரை போதும். அழிப்பானைத் தொடாமல் லேயர் மாஸ்க் போடுங்கள். இதை எத்தனை முறை சொல்வது!

இப்போது கல்லின் நுனியிலிருந்து வெளியே நீளும் நட்சத்திரக் கதிர்கள், உலோகத்தைச் சுற்றி நிற்கும் மெல்லிய ஒளிவட்டம். இவை நகையின் உருவத்துக்கு வெளியே கறுப்பின்மேல் கிடப்பவை. பாதை அவற்றை வெட்டியே தீரும், அதைத் தடுக்க முடியாது. தனியாகத்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். மூலப் படத்தின் நகல் ஒன்றை மேலே வைத்து, அதன் கலப்பு முறையை Screen என மாற்றுங்கள். Screen-இல் 0 அளவுள்ள கறுப்பு எதையும் மாற்றாது, ஒளி மட்டும் சேரும். ஆனால் துணி ஒருபோதும் 0 ஆக இருப்பதில்லை. 20 அளவுள்ள துணி, 100 அளவுள்ள சாம்பல் பின்னணியை 112 ஆக்கிவிடும். படத்தைச் சுற்றி ஒரு மங்கல் சதுரம் நிற்பது அதனால்தான். அந்த நகலுக்கு மட்டும் Levels போட்டு, கறுப்பு முள்ளைத் துணியின் அளவுக்குச் சற்று மேலே நகர்த்துங்கள். அந்த நகலில் மோதிரத்தின் உருவத்துக்குள் விழும் பகுதியை மாஸ்க்கால் மறைத்துவிடுங்கள். மறந்தால் உள்ளேயும் ஒளி இரட்டிப்பாகி, தங்கத்தின் கீற்றுகள் வெள்ளைத் திட்டாக எரிந்துபோகும்.

புதிய பின்னணி கருநீலமோ சாம்பலோ ஆனால் இது அழகாக வரும். சுத்த வெள்ளையானால் வராது. 255-க்கு மேல் ஒளி கிடையாது, வெள்ளையின்மேல் Screen செய்தால் வெள்ளைதான் வரும். "வெள்ளை பேக்கிரவுண்டு வேணும், கதிரும் தெரியணும்" என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிர்சாம்பல் பின்னணிக்கு அவர் ஒத்துக்கொண்டால் ஓரளவு காட்டலாம். வைரம் வெள்ளையில் இருட்டாகத் தெரிந்தால் கல்லுக்கு மட்டும் கர்வ்ஸைக் கொஞ்சம் உயர்த்துங்கள். இருண்ட பட்டைகள் எல்லாம் மறையும்வரை உயர்த்தினால் அது வைரமாகத் தெரியாது.

படம் எடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேமரா முக்காலியில் இருக்கும்போதே, நகையை அசைக்காமல், முன்விளக்குகளை அணைத்து, பின்னால் ஒரு வெள்ளை அட்டையை வைத்து அதில் மட்டும் ஒளி விழும்படி இன்னொரு படம் எடுங்கள். நகை கருநிழலாக விழும். உருவம் எங்கே முடிகிறது என்ற சண்டையே அதோடு தீர்ந்துவிடும். துணியில் படுக்கவைத்து எடுக்கும் நகைக்கு இது ஆகாது, நிறுத்தியோ தொங்கவிட்டோ எடுப்பதற்குத்தான். அட்டை மிகப் பெரிதாகவோ மிக அருகிலோ இருந்தால் உலோக விளிம்பு அதையும் பிம்பமாக வாங்கி வெளுத்துவிடும், நிழல் மெலிந்துபோகும். அட்டையைச் சட்டத்தை நிரப்பும் அளவுக்கு மட்டும், தள்ளி வையுங்கள். கூடவே ஹிஸ்டோகிராமின் வலது ஓரத்தையும் பாருங்கள். மூன்று சானலும் 255-ஐத் தொட்ட இடத்தில் தங்கத்தின் நிறம் இல்லை, பிறகு யாராலும் மீட்க முடியாது.

அனுப்புவதற்கு முன் வெட்டிய நகைக்கு அடியில் நடுச்சாம்பல், வெள்ளை, அடர்சிவப்பு என்று மாற்றி மாற்றி வைத்து 200 சதவீதத்தில் சுற்றிவாருங்கள். சாம்பலில் தெரியாத ஓட்டை சிவப்பில் தெரியும். வெள்ளையில் மட்டும் கருங்கோடு தெரிந்தால், லேயரின் நகலில் மாஸ்க்கை அப்ளை செய்துவிட்டு Layer > Matting > Remove Black Matte கொடுத்துப் பாருங்கள். உலோகத்தின் சொந்தக் கருங்கோடும் மெலிகிறதென்றால் அதைக் கைவிட்டு, பாதையை அரை பிக்சல் உள்ளே தள்ளுங்கள். ஜேபெக்கில் பின்னணி காலியாக நிற்காது, பிஎன்ஜியாகச் சேமியுங்கள். கறுப்புத் துணியோடு இருக்கும் மூலக் கோப்பையும் வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்துத் திருத்த வருபவருக்கு அதுதான் வேண்டும்.