வாந்தி பேதிக்காரரைக் கவனிக்கும் கைகள்

குமரி மாவட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு பருவமழை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மழை வலுத்தால் ஓடைத் தண்ணீர் கிணற்றில் கலக்கும். அதோடு வாந்தி பேதியும் வரும். வீட்டில் ஒரு பாட்டி படுத்துவிட்டால் அவரைக் கவனிப்பதும் அடுப்படியில் கஞ்சி வைப்பதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கிருமி மற்றவர்களுக்குப் போகும் வழி அந்த ஆளின் கைதான்.

சானிடைசரை நம்ப வேண்டாம். வாந்தி பேதிக்கு அடிக்கடி காரணமாகும் நோரோ வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆல்கஹால் உடைப்பது அந்த உறையைத்தான். சோப்பு வைரஸைக் கொல்லாவிட்டாலும் தோலிலிருந்து பிரித்துத் தண்ணீரோடு போக்கிவிடும். அதற்கு மோதிரம், வளையலைக் கழற்றி, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று தேய்க்க வேண்டும். நர்ஸுகள் முழுதாகக் கை கழுவ 40 முதல் 60 விநாடி எடுப்பது இதனால்தான்.

இங்கே ஒரு தப்பு நடக்கும். அழுக்குக் கையோடு குழாயைத் திறந்து, கழுவிய கையோடு அதே குழாயை மூடுவோம். கிணற்று வாளிக் கயிறும் அப்படித்தான். வேறொருவர் மொண்டு ஊற்றட்டும்.

பாட்டி தரையில் வாந்தி எடுத்துவிட்டார் என்று வையுங்கள். உடனே துடைப்பத்தை எடுத்தால் நுண்துளிகள் தெறிக்கும். ஜன்னலைத் திறந்து, மாஸ்க்கும் கையுறையும் போட்டு, பழைய செய்தித்தாளால் மூடி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அள்ளிக் கவரில் போட்டுக் கட்டுங்கள். பிறகுதான் பிளீச்சிங் மருந்து. அழுக்கு கிடந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும்.

1 லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி, அதாவது சுமார் 16 கிராம் பிளீச்சிங் பவுடர். கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரைத் தரையில் ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். பிறகு துடைத்துத் தண்ணீரால் கழுவுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் திறந்து வைத்த பவுடர் வீரியம் இழக்கும். கட்டிதட்டி, காரமான மணம் இல்லாமல் இருந்தால் அது வேலை செய்யாது. கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் சேர்க்கவே கூடாது. நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

கையுறையைக் கழற்றுவதிலும் ஒரு முறை உண்டு. ஒன்றின் மணிக்கட்டு வெளிப்புறத்தைக் கிள்ளி, உள்பக்கம் வெளியே வரும்படி உருவி, மற்றக் கையில் சுருட்டிப் பிடியுங்கள். வெறும் விரலை அடுத்ததன் உள்ளே நுழைத்து அதையும் புரட்டி உருவுங்கள். பின்பு சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். கையுறை போட்டோமே என்று இதை விடுபவர்கள்தான் அதிகம்.

முடிந்தால் இரண்டு நாளாவது சமையலை வேறொருவர் பார்க்கட்டும். உங்களுக்கும் பேதி கண்டால், நின்ற பிறகும் 48 மணி நேரம் அடுப்படிப் பக்கம் போகாதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். 24 மணி நேரம் கழிந்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாட்டி எத்தனை முறை சிறுநீர் கழித்தார் என்று நேரத்தோடு எழுதி வையுங்கள். 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல், கண் குழிந்து, கூப்பிட்டால் மந்தமாகப் பார்த்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ 108-ஐ அழையுங்கள்.