ஆண்டறிக்கை உங்கள் உரிமை: கேட்டு வாங்குவது எப்படி, எங்கிருந்து படிப்பது

ஒரு கம்பெனியில் பணத்தைப் போட்டு ஏமாந்தவர்கள் பலர், விலை சரிந்த பிறகுதான் ஆண்டறிக்கையைத் தேடுகிறார்கள். கம்பெனி சிக்கலில் இருப்பது பல சமயம் அதில் ஒரு வருடத்துக்கு முன்பே அச்சாகியிருக்கும். ஆனால் அது முதல் பக்கத்தில் இருக்காது, இருநூறாவது பக்கத்துக்கு அப்பால் பொடி எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போவது, அதற்கு முன் அறிக்கையை எப்படிக் கையில் வாங்குவது என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

சட்டம் சொல்வது சுருக்கமானது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 136-ன்படி ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 21 நாள் முன்பாக, கணக்குகளும் தணிக்கையாளர் அறிக்கையும் ஒவ்வொரு பங்குதாரருக்கும் போய்ச் சேர வேண்டும். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் போதும்.

கைக்கு வராமல் போவது எங்கே

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் இப்போது அறிக்கையை மின்னஞ்சலில்தான் அனுப்புகின்றன. டீமேட் கணக்கு தொடங்கியபோது கொடுத்த பழைய முகவரிக்கே அது போகும். புரோக்கர் அலுவலகத்தில் யாரோ தங்கள் மின்னஞ்சலைப் போட்டுக் கணக்கு தொடங்கியிருந்தால், அறிக்கை அவர்களுக்குத்தான் போகும். கூட்டாகப் பங்கு வைத்திருந்தால் முதல் பெயருக்கு மட்டும் வரும். அப்பா இறந்து பங்குகள் இன்னும் அவர் பெயரிலேயே இருந்தால், வாரிசுக்கு எதுவும் வராது. முதலில் பெயர் மாற்றம் முடிய வேண்டும். மியூச்சுவல் ஃபண்டு வழியாக முதலீடு செய்தவர் அந்தக் கம்பெனியின் பங்குதாரர் அல்ல, பங்குதாரர் ஃபண்டுதான்.

மின்னஞ்சல் பதியாதவர்களுக்கு அறிக்கை இருக்கும் இணைய முகவரியைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதம் வரும். விளம்பரம் என்று நினைத்து அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

அச்சுப் பிரதி வேண்டும் என்றால் கேட்டால்தான் கிடைக்கும். அலைச்சல் இங்கேதான் தொடங்குகிறது. கம்பெனியைக் கேட்டால் பங்குப் பதிவாளரைக் கைகாட்டுவார்கள், பதிவாளர் புரோக்கரிடம் போகச் சொல்வார், புரோக்கர் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது" என்பார். இந்த வட்டத்துக்குள் நுழையவே வேண்டாம். கம்பெனி செயலருக்கு நேரடியாக ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் முகவரி கம்பெனி இணையதளத்திலும் பொதுக்கூட்ட அறிவிப்பிலும் இருக்கும். டீமேட் என்றால் 16 இலக்க எண்ணையும், காகிதப் பங்கு என்றால் ஃபோலியோ எண்ணையும் குறிப்பிட்டு, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பட்டியலிடல் விதிமுறை 36-ன் கீழ் முழு ஆண்டறிக்கையின் அச்சுப் பிரதி கேட்பதாக எழுதுங்கள். "முழு" என்ற சொல் அவசியம். முக்கிய அம்சங்களை மட்டும் சுருக்கித் தரவும் சட்டம் இடம் கொடுக்கிறது. நீங்கள் தேடுகிற விவரம் அந்தச் சுருக்கத்தில் விடுபட்டிருக்கக்கூடும்.

21 நாளாகியும் பதில் இல்லை என்றால் செபியின் scores.sebi.gov.in தளத்தில் புகார் பதியலாம். அனுப்பிய மின்னஞ்சலின் நகலை அதோடு இணையுங்கள். முதலில் கம்பெனியிடம் கேட்டதற்கு அதுதான் சான்று. பிரிவு 136-ஐ மீறிய கம்பெனிக்கு அபராதம் 25,000 ரூபாய்தான், அதற்காக எந்தப் பெரிய கம்பெனியும் அஞ்சப்போவதில்லை. ஆனால் செபியிடம் போன புகாருக்குக் கம்பெனி பதில் எழுதியே ஆக வேண்டும்.

அச்சுப் பிரதிக்காகக் காத்திருக்கும் நேரத்தில், பங்குச் சந்தை இணையதளத்தில் கம்பெனியின் பெயரைத் தட்டி அதே அறிக்கையை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பங்கு வாங்கும் முன் படிக்க நினைப்பவருக்கும் இதுதான் வழி. மே மாதத்தில் வரும் ஆண்டு முடிவுகளை ஆண்டறிக்கை என்று எண்ணிவிடாதீர்கள். அதில் கணக்கின் விரிவான குறிப்புகள் இருக்காது, அவை பெரும்பாலும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில்தான் வெளிவரும்.

பின்னாலிருந்து திறக்க வேண்டிய புத்தகம்

முன்பாதியில் இருப்பது தலைவரின் கடிதம், படங்கள், தொழில் நிலவரம். இவை சரியா தவறா என்று தணிக்கையாளர் கருத்துச் சொல்வதில்லை. "Other Information" என்ற தலைப்பில் அவரே அதை எழுதியிருப்பார். அவர் கையெழுத்துக்கு உட்பட்டது பின்பாதி: இருப்புநிலைக் குறிப்பு, லாப நட்டக் கணக்கு, பணவோட்டக் கணக்கு, பங்கு மூலதன மாற்றக் கணக்கு, கூடவே குறிப்புகள். குறிப்புகளைப் பின்னிணைப்பு என்று நினைத்துப் புரட்டிவிடுகிறார்கள். சட்டத்தில் நிதி அறிக்கை என்பதன் இலக்கணத்திலேயே, பிரிவு 2(40)-ல், குறிப்புகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. இருப்புநிலைக் குறிப்பில் வரவேண்டிய பாக்கி 80 கோடி என்று ஒரே வரி இருக்கும். யார் தர வேண்டும், எத்தனை வருடமாகத் தரவில்லை என்பது குறிப்பில்தான் இருக்கும்.

இன்னொரு குழப்பம், கணக்கு இரண்டு தடவை வரும். ஒன்று கம்பெனிக்கு மட்டுமான கணக்கு, மற்றொன்று துணை நிறுவனங்களையும் சேர்த்தது. இரண்டுக்கும் தனித்தனித் தணிக்கையாளர் அறிக்கை, தனித்தனிக் குறிப்பு எண்கள். ஒன்றின் தணிக்கையாளர் அறிக்கையைப் படித்துவிட்டு மற்றொன்றின் குறிப்பைத் தேடினால் எதுவும் பொருந்தாது. பக்கத்தின் மேலே Standalone என்றிருக்கிறதா, Consolidated என்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு பி.டி.எஃப் கோப்பில் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுங்கள்: `Basis for Qualified Opinion`, `Adverse Opinion`, `Disclaimer of Opinion`, `Material Uncertainty Related to Going Concern`, `Emphasis of Matter`. முதலாவது இருந்தால், குறிப்பிட்ட ஒரு விஷயம் நீங்கலாக மற்றவை சரி என்று பொருள். இரண்டாவது, கணக்கே உண்மை நிலையைக் காட்டவில்லை என்பது. மூன்றாவது, கருத்துச் சொல்லப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பது. நான்காவது, கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதிலேயே பெரிய ஐயம் இருக்கிறது என்பது. கடைசியானது மறுப்பு அல்ல. கணக்கை ஏற்றுக்கொண்டுதான், இந்தக் குறிப்பைக் கட்டாயம் படியுங்கள் என்கிறார். எதுவானாலும் அந்தப் பத்தியிலேயே பெரும்பாலும் ஒரு குறிப்பு எண் இருக்கும். அடுத்து நேராக அங்கே போங்கள்.

ஒரு நூற்பாலையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய லாபம் 16 கோடி. தலைவரின் கடிதத்தில் அது "சாதனை ஆண்டு". தணிக்கையாளர் அறிக்கையில் தேடினால் முதல் சொல்லே கிடைக்கிறது: குறிப்பு 9-ல் உள்ள பாக்கியில் 26 கோடி மூன்று வருடத்துக்கும் மேலாக வரவில்லை, அதற்கு ஒதுக்கீடு செய்யப்படவில்லை என்கிறார். குறிப்பு 9-க்குப் போனால் பாக்கியின் வயதைக் காட்டும் அட்டவணை இருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். மொத்தம் 80 கோடி. அதில் ஆறு மாதத்துக்குள்ளானது 41, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை 6, ஒன்று முதல் இரண்டு வருடம் 4, இரண்டு முதல் மூன்று வருடம் 3, அதற்கும் மேல் 26.

அந்த 26 கோடியை வராக்கடன் என்று ஒதுக்கினால் 16 கோடி லாபம் 10 கோடி நட்டமாகிவிடும். இந்தக் கணக்கை நீங்கள் போடக்கூட வேண்டாம். பட்டியலிடப்பட்ட கம்பெனியில் இப்படிக் குறை சொல்லப்பட்டால் `Statement on Impact of Audit Qualifications` என்ற அட்டவணையை இணைத்தாக வேண்டும். கம்பெனி காட்டிய எண் ஒரு பத்தியிலும் குறையைச் சரிசெய்தால் வரும் எண் அடுத்த பத்தியிலும் இருக்கும்.

இனி, அந்த 26 கோடியைத் தர வேண்டியவர் யார்? சம்பந்தப்பட்ட தரப்பினர் பற்றிய குறிப்பைத் திறந்தால், இயக்குநரின் உறவினர்கள் நடத்தும் ஒரு வியாபார நிறுவனம் 22 கோடி தர வேண்டும் என்றிருக்கிறது. எதிர்பாராப் பொறுப்புகள் பற்றிய குறிப்பில், அதே நிறுவனத்தின் 35 கோடி வங்கிக் கடனுக்கு நம் நூற்பாலை உத்தரவாதம் கொடுத்திருக்கிறது. 22 கோடி பாக்கியைத் தர முடியாதவர் வங்கிக்கு எப்படிக் கட்டுவார்? அவர் கட்டாவிட்டால் வங்கி இந்த ஆலையைத்தான் பிடிக்கும். உத்தரவாதத் தொகை கடன் கணக்கில் எங்கும் சேர்ந்திருக்காது, குறிப்பில் மட்டும் இருக்கும். மூன்று குறிப்புகளும் ஒன்றையொன்று சுட்டாது, வெவ்வேறு பக்கங்களில் கிடக்கும். நீங்கள்தான் பெயரை வைத்துச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒரு இடம், தணிக்கையாளர் அறிக்கையோடு வரும் இணைப்பு. பெரும்பாலும் `Annexure A` என்றிருக்கும். தணிக்கையாளர் எவற்றைப் பற்றியெல்லாம் சொல்ல வேண்டும் என்று விதிக்கும் கேரோ 2020 உத்தரவுப்படி அதில் 21 கூறுகள். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் ஏழாவதையும் ஒன்பதாவதையும் படியுங்கள். ஏழாவதில், தகராறே இல்லாத பி.எஃப், இ.எஸ்.ஐ, ஜி.எஸ்.டி தொகை ஆறு மாதத்துக்கு மேல் கட்டப்படாமல் கிடந்தால் தொகையோடு வரும். ஒன்பதாவதில் கடன் தவணை தவறியது வரும். நம் ஆலையில் ஏழாவது கூறில் 70 லட்சம் பி.எஃப் பாக்கி. 16 கோடி லாபம் காட்டுகிற ஆலையால் தொழிலாளர் பி.எஃப் கட்ட முடியவில்லை என்றால் அந்த லாபம் பணமாக வரவில்லை. பணவோட்டக் கணக்கின் முதல் பகுதி, தொழிலிலிருந்து வந்த பணம், மைனஸில் இருந்தால் அது உறுதியாகிவிடும்.

தணிக்கையாளர் எதுவும் குறை சொல்லவில்லை என்றால் முழு நிம்மதி என்று அர்த்தமில்லை. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று ஒப்புக்கொண்டபடி, கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. தணிக்கையாளர் கையெழுத்திட்டு வந்த கம்பெனிதான் அது. அதனால் குறை இல்லாத அறிக்கையிலும் மேலே சொன்ன பாக்கி, சம்பந்தப்பட்ட தரப்பினர், உத்தரவாதம் ஆகிய மூன்று குறிப்புகளையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்பது

தணிக்கையாளர் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் இயக்குநர் குழு அறிக்கையில் விளக்கம் தர வேண்டும் என்கிறது பிரிவு 134. நம் ஆலையின் விளக்கம் ஒரே வரி: "தொகை வசூலாகும் என நிர்வாகம் நம்புகிறது." போன வருட அறிக்கையையும் எடுத்து வைத்துப் பாருங்கள். அதே வரி அங்கேயும் இருந்தால், இடைப்பட்ட ஒரு வருடத்தில் எவ்வளவு வசூலானது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பொதுக்கூட்டம் இப்போது பெரும்பாலும் காணொலியில் நடக்கிறது. பேச விரும்புவோர் முன்கூட்டியே மின்னஞ்சலில் பதிய வேண்டும், கடைசி நாள் கூட்ட அறிவிப்பின் நடுவில் எங்கோ இருக்கும். அதைத் தவறவிட்டால் கூட்டத்தில் பேச விட மாட்டார்கள். பதியும்போது கேள்வியையும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். "பாக்கி ஏன் வரவில்லை" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "தனிக் கணக்கு, குறிப்பு 9, மூன்று வருடத்துக்கு மேற்பட்ட 26 கோடியில் மார்ச் 31-க்குப் பிறகு இன்றுவரை வசூலான தொகை எவ்வளவு?" என்று எண்ணோடு கேளுங்கள். கம்பெனியின் செயல்பாட்டைப் பாதிக்கும் தணிக்கைக் குறைகளைக் கூட்டத்தில் படித்தாக வேண்டும் என்று பிரிவு 145 சொல்கிறது. படிக்காமல் தாண்டினால் அந்தப் பிரிவைச் சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள்.