‘நேரடி வருகை’: சொல் விளக்கம்

திருகோணமலை உப்புவெளியில் விடுதி நடத்துபவரோ, நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்குப் படகு விடுபவரோ, சீசன் தொடங்குமுன் முகநூலில் ஒரு காணொளி விளம்பரம் போடுகிறார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலு போஸ்டரும் ஒட்டுகிறார். இரண்டு கிழமை கழித்து, தன் இணையத்தளத்துக்கு வந்தவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸைத் திறந்தால், முகநூல் விளம்பரத்தின் பெயரில் கொஞ்சப் பேர்தான் வந்திருக்கிறார்கள். ஆனால் `Direct` என்ற வரி மட்டும் நன்றாக ஏறியிருக்கிறது. தமிழில் இதை ‘நேரடி வருகை’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனால், ‘ஆட்கள் தாங்களாகவே நேரே வருகிறார்கள், விளம்பரக் காசு வீண்’ என்று முடிவு கட்டுவது இலகுவாகிவிடுகிறது. விளம்பரத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். இந்தத் தவறான முடிவுக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்தான்.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழப்பம் தெளியும். ஒரு பக்கத்தில் உள்ள இணைப்பை அழுத்தி இன்னொரு தளத்துக்குப் போகும்போது, ‘இன்ன தளத்திலிருந்து வருகிறேன்’ என்று உலாவி ஒரு வரி அனுப்பும். அந்த வரிக்கு `Referer` என்று பெயர். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து விடுபட்டு, அப்படியே 1996இல் வெளியான HTTP/1.0 ஆவணத்தில் ஏறி இன்றுவரை நிலைத்துவிட்டது. வருகையை எண்ணும் மென்பொருள் முதலில் முகவரியில் ஏதாவது குறி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும். பிறகு `Referer` வரியைப் பார்க்கும். இரண்டும் இல்லையென்றால், இதே உலாவி அண்மையில் வேறு வழியாக வந்த பதிவு உண்டா என்று தேடும். எதுவுமே கிடைக்காதபோது `(direct) / (none)` என்று எழுதிவிடும். ஆரம்ப காலத்தில் இப்படி வந்தவர்கள் பெரும்பாலும் முகவரியைத் தட்டெழுதியவர்களாகவோ, குறித்து வைத்திருந்தவர்களாகவோ இருந்ததால் ‘நேரடி’ என்ற பெயர் பொருந்தியது. கைத்தொலைபேசிக் காலத்தில் பொருந்தவில்லை.

யோசித்துப் பாருங்கள். உங்கள் காணொளியை முகநூலில் பார்த்த ஒரு அக்கா, அதை அழுத்தவில்லை. இரவு விடுதியின் பெயரை நினைவில் வைத்துத் தானே முகவரியை அடிக்கிறார். இன்னொருவர் விளம்பரத்தை அழுத்தியே வந்தார். ஆனால் அது முகநூல் செயலிக்குள் இருக்கும் உலாவியில் திறந்தது. வீட்டில் கேட்டுவிட்டு மறுநாள் குரோமில் வருகிறார். ஆளை அடையாளம் காண உலாவியில் வைக்கும் குக்கி இரண்டு உலாவிகளுக்கும் வேறு வேறு என்பதால் அவர் புது ஆளாகத்தான் தெரிவார். மூன்றாமவர் அறைப் பக்கத்தின் இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, மட்டக்களப்பில் இருக்கும் மச்சான் அதைத் திறக்கிறார். வாட்ஸ்அப்பிலிருந்து வரும் வருகையில் பெரும்பாலும் `Referer` இருக்காது. மூவரும் விளம்பரத்தால் வந்தவர்கள்தான், ஆனால் `Direct` வரியில்தான் விழுவார்கள். இந்தக் கண்ணுக்குத் தெரியாத பகிர்வுக்கு அமெரிக்க இதழாளர் அலெக்சிஸ் மாட்ரிகல் 2012இல் ‘டார்க் சோஷியல்’ என்று பெயர் வைத்தார். ‘இருண்ட சமூகம்’ என்று தமிழாக்கினால் குற்றச் செய்தி போல ஒலிக்கும். ‘மறைபகிர்வு’ போதும்.

அப்படியானால் `Direct` என்பதற்கு என்ன சொல்லலாம்? அந்தச் சொல் வந்தவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கருவிக்குத் தடம் கிடைக்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. எனவே ‘தடமறியா வருகை’ என்பதே சரியான பெயர் என்று நினைக்கிறேன். ‘டிராஃபிக்’ என்பதைப் ‘போக்குவரத்து’ என்று எழுதுவதும் வேண்டாம், ‘வருகை’யே போதும். முகவரியில் ஒட்டும் குறியைத் ‘தடக்குறி’ எனலாம்:

```
https://example.com/family-room?utm_source=whatsapp&utm_medium=social&utm_campaign=april
```

`Direct` வரியின் பக்கத்திலேயே `Unassigned` என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. `Unassigned` வருகையில் தடக்குறி பெரும்பாலும் இருக்கும், ஆனால் கருவியின் பட்டியலில் அதற்கு இடம் இருக்காது. போஸ்டரில் அச்சடித்த கியூஆர் குறியில் `utm_medium=poster` என்று வைத்தால் அந்த வருகை இங்கேதான் போய் விழும். இதை ‘வகைப்படாத வருகை’ எனலாம். மூலம், ஊடகம் என்று பிரித்துப் பார்த்தால் போஸ்டரின் பெயர் அதற்குள்ளேயே கிடைக்கும்.

இனி, தடமறியா வருகையில் விளம்பரத்தின் பங்கை எப்படிப் பிரிப்பது? எளிய எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். விளம்பரத்துக்கு முந்திய இரண்டு கிழமைகளில் ஒரு விடுதித் தளத்துக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 40 தடமறியா வருகை. விளம்பரம் ஓடிய இரண்டு கிழமைகளில் 75. கூடிய 35ஐயும் அப்படியே விளம்பரத்தின் கணக்கில் எழுதக் கூடாது. ஏப்ரல் கடைசியில் கிழக்குக் கரையில் கடல் அமைதியாகி ஆட்கள் எப்படியும் வரத் தொடங்குவார்கள். அந்தப் பருவ ஏற்றத்தைக் கழிக்க ஓர் அளவுகோல் வேண்டும். கூகுள் சேர்ச் கன்சோலில் விடுதியின் பெயர் இல்லாத, ‘திருகோணமலை விடுதி’ போன்ற பொதுத் தேடல்களால் வந்த அழுத்தங்களைப் பாருங்கள். பெயரோடு வந்த தேடல்களைச் சேர்க்க வேண்டாம், அவற்றை விளம்பரமே தூண்டியிருக்கலாம். பொதுத் தேடல் 20 சதவீதம் கூடியிருந்தால், 40 என்பது விளம்பரம் இல்லாமலே 48 ஆகியிருக்கும். மிச்சம் 27.

அந்த 27ஐ முதலில் எந்தப் பக்கத்தில் இறங்கினார்கள் என்று பிரிக்க வேண்டும். முன்பு 40 பேரில் 32 பேர் முகப்புப் பக்கத்திலும் 8 பேர் உள்பக்கங்களிலும் இறங்கினார்கள். இப்போது 50, 25. பருவத்துக்காக 20 சதவீதம் கூட்டிக் கழித்தால், முகப்பில் ஏறத்தாழ 12 மிகை, உள்பக்கங்களில் 15. முகப்பில் வந்தவர்கள் பெயரை நினைவில் வைத்து வந்திருக்கக்கூடியவர்கள். அதே நாட்களில் விடுதியின் பெயரைத் தேடியவர்களும் கூடியிருந்தால் இந்த ஊகம் வலுக்கும். உள்பக்கத்தின் நீண்ட முகவரியை யாரும் தட்டெழுத மாட்டார்கள். அந்த 15இல் பெரும்பகுதி மறைபகிர்வு. குடும்ப அறைப் பக்கத்தில் மட்டும் குவிந்திருந்தால், காணொளியில் அந்த அறைதான் பேசப்பட்டிருக்கிறது என்று பொருள்.

ஏமாற்றும் இடங்களும் உண்டு. திடீரென்று ஒரே நாளில் ஏறி, ஒருவரும் சில விநாடிகூடத் தங்காமல் போயிருந்தால் அது ஆளில்லாமல் தானே இயங்கும் பொட் ஆக இருக்கலாம். தளம் ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிடும்போது தடக்குறி உதிர்ந்து போனால், காசு கொடுத்து வாங்கிய அழுத்தங்களே தடமறியா வருகையாக மாறிவிடும். விளம்பர இணைப்பை நீங்களே அழுத்திப் பார்த்து, கடைசியாகத் திறக்கும் முகவரியில் `utm_` எழுத்துகள் மிஞ்சியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஊர் வாரியான பட்டியலையும் அப்படியே நம்ப வேண்டாம். பார்ப்பவரின் ஐபி முகவரியை வைத்து ஊகிப்பதால், திருகோணமலையில் டேட்டாவில் பார்ப்பவர் கொழும்பு என்று பதியப்படலாம்.

சரி, விளம்பரம் நின்ற பிறகு என்ன நடக்கிறது? மிகை வருகை சில கிழமைகளில் மெல்ல இறங்கினால் அது விளம்பரத்தின் தடம்தான். இறங்கவே இல்லையென்றால் பருவத்தைக் குறைவாகக் கணித்திருக்கிறோம். ஆனால் இந்த 27 பேரில் போஸ்டரைப் பார்த்தவர் எத்தனை, காணொளியைப் பார்த்தவர் எத்தனை என்று இந்தக் கணக்கு சொல்லாது. அதற்கு முன்பதிவுப் படிவத்தில் ‘எங்களைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?’ என்று ஒரு வெற்றுக் கட்டம் வைக்க வேண்டும். தெரிவுப் பட்டியல் கொடுத்தால் பலர் முதலில் இருப்பதைத் தட்டிவிட்டுப் போவார்கள். தாங்களே எழுதினால் ‘பஸ் ஸ்டாண்டில பாத்தன்’ என்றோ ‘தங்கச்சி அனுப்பினவ’ என்றோ வரும்.