கரண்ட் பில் எகிறிவிட்டதா? மனு எழுதும் முன் மீட்டரைப் பாருங்கள்

"பில் அதிகமாக வந்துவிட்டது, குறைத்துத் தரவும்" என்று மொட்டையாக எழுதும் மனுக்கள் பெரும்பாலும் மேசையிலேயே கிடக்கும். ரீடிங் எந்த இடத்தில் தவறியது என்பதைக் காட்டும் மனுவைத் தள்ளிவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

வேலூர் லாங் பஜாரில் ஒரு சின்னத் தையல் கடை என்று வைத்துக்கொள்வோம். மின்வாரிய இணையதளத்திலிருந்து எடுத்த பழைய ரீடிங்குகளையும் வெள்ளை அட்டையையும் பக்கத்தில் வைத்தால் பிப்ரவரியில் 8120, ஏப்ரலில் 8212, ஜூனில் 8303. அதாவது இரண்டு மாதத்துக்கு 91, 92 யூனிட். ஆகஸ்ட் பில்லிலோ 8935 என்று இருக்கிறது. ஒரே தடவையில் 632 யூனிட்.

இப்போது மீட்டரைப் பாருங்கள். திரையில் பல எண்கள் மாறி மாறி ஓடும். பக்கத்தில் kWh என்று காட்டும் எண்தான் நமக்கு வேண்டியது, kVAh அல்ல. ரீடிங் எடுத்துப் பத்து நாள் கழித்து அது 8411 காட்டினால் விஷயம் முடிந்தது: ஓடும் மீட்டர் பின்னோக்கிப் போகாது. 8395 என்பதில் 3-ம் 9-ம் இடம் மாறி 8935 ஆகிவிட்டது. உண்மையில் ஓடியது 92 யூனிட். நாளுக்கு ஒன்றரை யூனிட் வீதம் பத்து நாளுக்குக் கணக்குப் போட்டாலும் 8410-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. மாறாக, மீட்டர் 8935-ஐத் தாண்டியிருந்தால் ரீடிங்கைக் குறை சொல்ல முடியாது. மீட்டரைச் சோதிக்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

மனு பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்கு. இவ்வளவு போதும்:

"என் கடை மின் இணைப்பின் ஆகஸ்ட் ரீடிங் 8935 என்று பதிவாகியுள்ளது. இன்று மீட்டரில் இருப்பது 8411 (தேதி தெரியும் படம் இணைப்பு). முந்தைய மூன்று ரீடிங்குகளின் நகலும் இணைத்துள்ளேன். மீட்டரை நேரில் பார்வையிட்டு, ஆகஸ்ட் கணக்கீட்டை 8395 என்ற ரீடிங்கின்படி திருத்தி, புதிய பில் தர வேண்டுகிறேன்."

"அடுத்த பில்லில் கழித்துக்கொள்ளவும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வணிக இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டைத் தாண்டினால் அத்தனை யூனிட்டுக்கும் உயர்ந்த விகிதம் விழும். ஆகஸ்ட் கணக்கே திருந்தினால்தான் 92 யூனிட் குறைந்த விகிதத்துக்குத் திரும்பும்.

மனு கொடுத்ததாலேயே கெடு நாள் நிற்காது. பணத்தை எதிர்ப்புடன் கட்ட மின்சாரச் சட்டம் 2003-இன் 56-வது பிரிவு வழி தருகிறது: கேட்ட தொகை, முந்தைய ஆறு மாதச் சராசரிக் கட்டணம் இரண்டில் எது குறைவோ அதைக் கட்டினால், தகராறு தீரும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இதற்கும் ஒரு வரி எழுதி, மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் வேலூர் வட்டத்தின் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கும், அதற்கு மேல் சென்னையில் உள்ள மின் குறைதீர்ப்பாளருக்கும் போகும்போது முதலில் கேட்பது அந்த நகலைத்தான்.