டப்பாவில் 25 கிராம், டம்ளரில் 15 கிராம்

போன மாதம் ஒரு தம்பி என் கிளினிக்குக்கு, எடை ஏற்றும் பவுடரான மாஸ் கெயினர் டப்பாவோடு வந்தார். வயது 19, கல்லூரி ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர். உயரம் 173 செ.மீ., எடை 54 கிலோ. இரண்டு மாதமாகத் தினமும் பவுடர் குடித்தும் ஏறியது ஒரு கிலோகூட இல்லை. "மேடம், ஒரு சர்விங்ல 25 கிராம் புரோட்டீன்னு போட்டிருக்கு. அப்புறம் ஏன் உடம்பு ஏறல?" என்று கேட்டார்.

டப்பாவைத் திருப்பிப் பின்பக்க அட்டவணையைப் பார்த்தேன். அதில் இரண்டு பத்திகள் இருந்தன. ஒன்று, பவுடர் மட்டும் 100 கிராம்: 380 கலோரி, புரதம் 15 கிராம், மாவுச்சத்து 75 கிராம், கொழுப்பு 2 கிராம். இன்னொன்று, அதே பவுடரை 300 மி.லி. பாலில் கலந்தால். அந்த 25 கிராம் இரண்டாவது பத்தியில் இருந்தது. கூடுதலாக வந்த 10 கிராம் புரதமும் பாலுடையது. முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருந்ததும் இந்த எண்தான்.

"நீங்க எதுல கலக்குறீங்க தம்பி?"

"தண்ணியில மேடம். ஹாஸ்டல்ல பால் கிடைக்காது."

அப்படியானால் அவருக்குக் கிடைத்தது 15 கிராம்தான். பாலில் கலந்த கெயினரையும், ஓட்ஸ், பால், வாழைப்பழம் சேர்த்து அடிக்கும் வீட்டு ஷேக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வீட்டு ஷேக்கில் பால் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. அதனால் ஒப்பிட வேண்டியது தண்ணீரில் கலந்த பவுடரோடு.

அவர் முன்னாலேயே சமையலறைத் தராசை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டோம். ஓட்ஸ் 40 கிராம். அதில் சுமார் 155 கலோரி, 5 கிராம் புரதம், 27 கிராம் மாவுச்சத்து, 3 கிராம் கொழுப்பு. டோன்டு பால் 250 மி.லி. அதில் ஏறத்தாழ 145 கலோரி, 8 கிராம் புரதம், 12 கிராம் மாவுச்சத்து, ஏழரை கிராம் கொழுப்பு. தோல் உரித்த வாழைப்பழம் 100 கிராம்; மோரீஸ் என்றால் ஒன்று, சின்ன பூவன் என்றால் இரண்டு. அதில் 90 கலோரிக்குக் கொஞ்சம் மேல், புரதம் ஒரு கிராம், மாவுச்சத்து 23 கிராம். எல்லாம் சேர்த்தால் 390லிருந்து 400 கலோரி, புரதம் 14, மாவுச்சத்து 62, கொழுப்பு 11 கிராம். பழத்துக்குப் பழம், பாக்கெட்டுக்குப் பாக்கெட் இந்த எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனாலும் கலோரியிலும் புரதத்திலும் இரண்டு டம்ளரும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் மாவுச்சத்திலும் கொழுப்பிலும் இருக்கிறது. பொருட்பட்டியலில் எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. அந்த டப்பாவில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றின் ஸ்டார்ச்சைச் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைத்துச் செய்கிற மாவு அது. இனிப்பு அதிகம் தெரியாது. லேபிளில் 'சர்க்கரை' என்ற வரியிலும் அது பெரும்பாலும் சேராது, மொத்த மாவுச்சத்தில் மட்டும் சேரும். அதனால் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதியிருக்கும் டப்பாவிலும் 100 கிராமுக்கு 75 கிராம் மாவுச்சத்து இருக்கலாம். உடம்புக்குள் போனால் கிட்டத்தட்ட குளுக்கோஸ் வேகத்தில் ரத்தத்தில் ஏறும். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள அம்மாவோ அப்பாவோ 'சத்து மாவுதானே' என்று இதில் ஒரு டம்ளர் கலக்கிக் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

வீட்டு ஷேக்கில் அதே கலோரியின் ஒரு பங்கு பாலின் கொழுப்பிலிருந்து வருகிறது. ஓட்ஸும் பழமும் சேர்ந்து 6 கிராம் அளவுக்கு நார்ச்சத்தும் தருகின்றன. அதனால் மெதுவாகச் செரிக்கும், வயிறும் நிறையும். எடை ஏற்ற நினைப்பவருக்கு இதுவே ஒரு சிக்கலாகவும் ஆகலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும். பசியே எடுக்காதவர்களுக்கு இந்தக் கெட்டியான ஷேக் அடுத்த வேளைச் சாப்பாட்டைக் குறைத்துவிடும். அவர்களுக்குப் பவுடர் லேசாக இறங்கும், அதை நான் மறுக்கவில்லை. ஓட்ஸ் பழக்கமில்லாதவர் முதல் நாளே 40 கிராம் போட்டால் வயிறு உப்பும். 20 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர் பவுடருக்கு மாறியும் பயன் இல்லை. பெரும்பாலான கெயினரில் பால் பவுடரோ, பாலிலிருந்து எடுக்கும் வே புரதமோ இருக்கும், அதிலும் பாலின் சர்க்கரையான லாக்டோஸ் உண்டு.

இனி தம்பியின் எடை ஏன் ஏறவில்லை என்பதற்கு வருகிறேன். புரதம் குறைந்ததும் ஒரு காரணம்தான். முக்கியமான காரணம் அவர் பவுடர் குடித்த நேரம். காலை ஏழரை மணிக்கு ஷேக்கரைக் குலுக்கிக் குடித்துவிட்டு நேராக வகுப்புக்குப் போய்விடுவார், மெஸ்ஸில் சாப்பிடுவதில்லை. பவுடர் தொடங்குவதற்கு முன்பெல்லாம் காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். நான்கு இட்லி, சாம்பார், ஒரு வடை. அதுவே 350 கலோரியைத் தொட்டுவிடும். 380 வந்தது, 350 போனது. எடை ஏற வேண்டுமென்றால் தினச் சாப்பாட்டுக்கு மேலே 300 முதல் 500 கலோரி சேர வேண்டும். கெயினரோ ஓட்ஸோ, சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தால் கணக்கு இப்படித்தான் முடியும்.

அதனால் காலை இட்லியைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னேன். ஷேக்கை மாலை ஐந்து மணிக்கு, ஜிம் முடித்து வந்ததும் வைத்தோம். ஹாஸ்டலில் மிக்ஸி இல்லை என்றார். அதற்கு வழி இருக்கிறது. ஊருக்குப் போகும்போது ஓட்ஸை வாணலியில் லேசாக வறுத்து, ஆறவிட்டு, மிக்ஸியில் மாவாகத் திரித்து டப்பாவில் கொண்டுவந்துவிடலாம். பக்கத்து டீக்கடையில் காய்ச்சிய பால் கால் லிட்டர் வாங்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஷேக்கரில் மாவோடு குலுக்கினால் கட்டி விழாது. பத்து நிமிடம் வைத்தால் கெட்டியாகும், அதற்குள் குடித்துவிட வேண்டும். பழத்தைக் கலக்க வேண்டியதில்லை, கையில் உரித்துச் சாப்பிடலாம். இன்னும் புரதம் வேண்டுமென்றால் வறுத்த வேர்க்கடலை 20 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி. சுமார் 5 கிராம் புரதமும் 110 கலோரிக்கு மேலும் சேரும்.

செலவையும் பார்த்தோம். ஒரு கிலோ டப்பாவுக்கு அவர் கொடுத்தது 700 ரூபாய், ஆக ஒரு டம்ளர் 70 ரூபாய். ஓட்ஸ், பால், பழம் மூன்றும் சேர்ந்து 30 ரூபாய்க்குள் முடிந்தது.

கிளம்பும்போது, "டப்பாவுல இன்னும் பாதி இருக்கு மேடம், கொட்டிடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தீரும் வரை ஓட்ஸுக்குப் பதிலாக அதில் 50 கிராம் எடுத்துக்கொண்டு, 250 மி.லி. பாலில் கலந்து, கூட ஒரு பழம் சாப்பிடச் சொன்னேன். பவுடரில் ஏழரை, பாலில் எட்டு, பழத்தில் ஒன்று. மொத்தம் பதினாறரை கிராம் புரதம். இதுவரை முழு 100 கிராமைத் தண்ணீரில் கலக்கியபோது கிடைத்ததைவிட அது அதிகம்.