கன்வஸ் ஏன் சாய்கிறது, எப்படி நிமிர்த்துவது

கோண்டாவிலில் இருக்கும் என் மச்சாள் கதிரைக் குஷன் ஒன்றுக்கு முன்பக்கம் தைத்து முடித்தார். வெள்ளைப் பின்னணியில் ஒரு பெரிய செவ்வரத்தம்பூ. துளைகள் தெரியும் துணியை நூல் தையலால் முழுக்க மூடும் நீடில்பாயின்ட் வேலைக்கென்றே விற்கும் கன்வஸ், அங்குலத்துக்கு 14 நூல். தைத்த நூல் முழுக்கக் கம்பளி. ஒவ்வொரு பக்கமும் 12 அங்குலம் இருக்கும்படி கோடு போட்டுத்தான் தொடங்கியிருந்தார். முடிந்த துண்டை மேசையில் விரித்தபோது அதன் மேல் விளிம்பு இடப்பக்கம் ஒரு அங்குலம் நகர்ந்து நின்றது. பூவும் சேர்ந்து சாய்ந்திருந்தது. “நான் நூலை இறுக்கிப்போட்டன் போல” என்றார் அவர். கொஞ்சம் இறுக்கியிருக்கலாம். ஆனால் முக்கிய காரணம் அவர் தேர்ந்தெடுத்த தையலின் திசை.

அதை விளங்கிக்கொள்ள கன்வஸின் நெசவைப் பார்க்க வேண்டும். நிற்கும் நூல்களும் கிடக்கும் நூல்களும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கி ஓடுகின்றன. இந்தத் துணியை நிற்கும் நூலின் திசையிலோ கிடக்கும் நூலின் திசையிலோ இழுத்தால் அது நீளாது, நூல் தாங்கும். மூலைக்கு மூலையாக இழுத்தால் மட்டும் இலகுவாக இணங்கும். நூல்கள் நீளாமலே, அவை சந்திக்கும் இடங்களில் சற்றுத் திரும்பிவிடுகின்றன. சதுரக் கட்டங்கள் சாய்சதுரம் ஆகின்றன. இதைத் தடுக்கத்தான் கன்வஸுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சந்திப்பையும் கஞ்சி ஒட்டிப் பிடிக்கிறது. ஆனால் கையில் வைத்து வாரக்கணக்கில் தைக்கும்போது மடிப்பும் கை வியர்வையும் அந்தப் பிடியைத் தளர்த்திவிடும். யாழ்ப்பாணத்து மாரியில் காற்றில் இருக்கும் ஈரமும் அதே வேலையைத்தான் செய்யும்.

இப்போது தையல். நீடில்பாயின்டில் அடிப்படையானது டென்ட் தையல். ஒரு சந்திப்பின் மேலே, கீழ் இடப்பக்கத் துளையில் வெளியே வந்து மேல் வலப்பக்கத் துளையில் உள்ளே போகும் சிறிய சாய்கோடு. முன்பக்கத்தில் எல்லாத் தையல்களும் இதே பக்கம் சாய வேண்டும், அப்போதுதான் பரப்பு ஒரே சீராக இருக்கும். ஆக, முன்பக்கம் எப்போதும் கீழ் இடது மூலையையும் மேல் வலது மூலையையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும். துணி எந்தத் திசையில் பலவீனமோ, அதே திசையில். அதை மாற்ற வழியில்லை. மாற்றக்கூடியது பின்பக்கம் மட்டும்தான்.

மச்சாள் தைத்தது கொன்டினென்டல் முறை. வரிசையாக வலமிருந்து இடமாகப் போகும் முறை அது. ஒரு தையல் முடிந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு நூல் பின்னால் ஓடும்போது இரண்டு நூல் இடப்பக்கமும் ஒரு நூல் கீழும் போகிறது. அதாவது பின்பக்கத்திலும் ஒரு சாய்கோடு, முன்பக்கத்துச் சாய்வோடு ஏறத்தாழ ஒரே பக்கமாக. முன்னும் பின்னும் ஒரே மூலைகளை இழுத்தால் கன்வஸ் எங்கே நிற்கும்?

இந்த இழுவை எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 12 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 17 அங்குலம். மேல் விளிம்பு ஒரு அங்குலம் நகர்ந்த துண்டில் அது ஒரு பக்கம் 16¼ அங்குலமாகக் குறுகியும் மறுபக்கம் 17⅔ அங்குலமாக நீண்டும் இருக்கும். குறுகிய மூலைவிட்டத்தில் 12 தர 14, அதாவது 168 சந்திப்புகள் இருக்கின்றன. முக்கால் அங்குலக் குறைவை அவற்றுக்குப் பகிர்ந்தால் ஒவ்வொரு சந்திப்பும் சுருங்கியது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஒரு தையலைப் பார்த்து இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் தைக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றி, கடைசியில் துண்டு சாய்ந்து நிற்கிறது.

மூலைவிட்டங்களை அளப்பதுதான் நம்பகமான சோதனை. பக்கங்களின் நீளம் மாறாமலே இருப்பதால் பக்கத்தை அளந்து பயனில்லை. பாதி வேலையில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் முழுப் பின்னணியையும் தைத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அப்போதே முறையை மாற்றலாம்.

மாற்ற வேண்டியது பாஸ்கட்வீவ் முறைக்கு. முன்பக்கம் அதே டென்ட் தையல்தான், ஆனால் வரிசை கிடையாகப் போகாமல் மூலைவாட்டில் ஏறி இறங்கும். மேலே ஏறும் வரிசையில் ஊசி பின்பக்கத்தில் கிடையாக இரண்டு நூல்களுக்கு அடியால் போகும். கீழே இறங்கும் வரிசையில் நேர் செங்குத்தாக இரண்டு நூல்களுக்கு அடியால் போகும். பின்பக்கத்தைத் திருப்பினால் பனையோலைக் கடகத்தின் பின்னல் மாதிரியே இருக்கும். ஒன்று கிடை, ஒன்று நிலை, மாறி மாறி. சாய்கோடு எங்கும் இல்லை. பின்னால் ஓடும் நூல் துணி வலுவாக இருக்கும் இரண்டு திசைகளில் மட்டுமே இழுக்கிறது. அது மட்டுமல்ல, கன்வஸுக்குப் பின்னால் இன்னொரு நெசவுபோல நின்று சந்திப்புகள் திரும்புவதையும் தடுக்கிறது. முன்பக்க இழுவை அப்படியே இருப்பதால் சாய்வு முற்றாக இல்லாமல் போகாது, ஆனால் வெகுவாகக் குறையும்.

சாதாரண ஒற்றை நூல் கன்வஸில் இதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. தைக்கப்போகும் சந்திப்பை உற்றுப் பாருங்கள். நிற்கும் நூல் மேலே தெரிந்தால் அது இறங்கும் வரிசைக்குரியது. கிடக்கும் நூல் மேலே தெரிந்தால் ஏறும் வரிசைக்குரியது. மூலைவாட்டில் ஒரு வரிசை முழுக்க ஒரே மாதிரியே இருக்கும், அடுத்த வரிசை மறுமாதிரி. இதைப் பின்பற்றினால் தையல்கள் நெசவோடு பொருந்தி உட்காரும். வேலையை இடையில் நிறுத்தி மறுநாள் எடுத்தாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் கன்வஸே காட்டும். தவறி இரண்டு ஏறும் வரிசைகளை அடுத்தடுத்துத் தைத்துவிட்டால் முன்பக்கத்தில் மூலைவாட்டில் மெல்லிய தழும்பு ஒன்று தெரியும். அதைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு வரிசை முடிந்ததும் கன்வஸைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த வரிசையைத் தைத்தால் இழுவை சமப்பட்டுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி ஆகாது. சாய்கோட்டை அரைச் சுற்றுத் திருப்பினாலும் அது அதே பக்கம்தான் சாய்ந்திருக்கும். திருப்புவது கைக்கு வசதி, அவ்வளவுதான்.

பூவின் நரம்பு, எழுத்து, மெல்லிய விளிம்புக்கோடு ஆகியவற்றுக்கு பாஸ்கட்வீவ் சரிவராது, அங்கே கொன்டினென்டலே நல்லது. சிக்கல் வருவது பெரிய பின்னணிகளில். கன்வஸை நான்கு பக்கமும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊசியை ஒரு தடவை கீழே, ஒரு தடவை மேலே என்று இரண்டு அசைவாகக் குத்தித் தைத்தாலும் சாய்வு குறையும். ஒரே அசைவில் கோதி எடுக்கும்போது ஊசியே சந்திப்புகளைத் திருப்புகிறது. இன்னொன்று: தைத்த பிறகு துளை அகன்று தெரிந்தால் நூலை அதிகமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, மச்சாளின் துண்டு ஏற்கனவே சாய்ந்துவிட்டது. இனி அதை நனைத்து, இழுத்து, பலகையில் குத்திக் காயவைக்க வேண்டும். தண்ணீர் பட்டதும் கஞ்சி இளகிச் சந்திப்புகளை விட்டுவிடும். கம்பளியின் புரத இழைகளுக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஈரத்தில் அவிழ்ந்து, காயும்போது புதிய நிலையில் மறுபடி கட்டிக்கொள்ளும். ஆகவே எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் விறைக்கும்.

முதலில் சாயம் போகுமா என்று பார்த்தோம். செவ்வரத்தம்பூவின் சிவப்பு வெள்ளைக்குள் கசிந்தால் எல்லாம் வீண். நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியைப் பின்பக்கத்தில் சிவப்பின் மேல் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தோம். துணியில் நிறம் ஏறவில்லை. ஏறியிருந்தால் தண்ணீரைத் தொடாமல், தூரத்திலிருந்து நீராவி மட்டும் காட்டியிருப்போம். கன்வஸில் வரைந்த கோடுகளையும் இப்படிச் சோதிக்க வேண்டும், சில பேனை மைகள் ஈரத்தில் ஓடும்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் நிலத்தடி சுண்ணாம்புக்கல் என்பதால் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் கடினம், காய்ந்தால் வெள்ளையாகப் படியலாம். மழைத் தண்ணீரோ பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரோ நல்லது. ஊசிகளும் பித்தளையாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்க வேண்டும். நமது கடற்காற்றில் சாதாரண ஊசி ஈரக் கன்வஸில் ஓர் இரவிலேயே துரு விட்டுவிடும். அந்தக் கறை போகாது.

மென்பலகை ஒன்றின் மேல் வெள்ளைத் துணி சுற்றி, அதில் 12 அங்குலச் சதுரத்தைப் பென்சிலால் வரைந்தோம். மூலைமட்டம் வைத்து வரைந்த பிறகு மூலைவிட்டங்களையும் சரிபார்த்தோம். சதுரமே கோணலாக இருந்தால் எல்லாம் கோணல்தான். பிறகு துண்டை இரண்டு பக்கமும் தெளித்து நனைத்தோம். சொட்டச் சொட்ட வேண்டாம், எங்கும் ஒரே சீரான ஈரம் போதும். நானும் மச்சாளும் குறுகிய மூலைவிட்டத்தின் இரண்டு மூலைகளையும் பிடித்து, மெதுவாக, தொடர்ந்து இழுத்தோம். படக்கென்று இழுத்தால் நூல் அறும். சரியான சதுரத்தைக் கொஞ்சம் தாண்டி மறுபக்கம் சாயும்வரை இழுப்பது நல்லது, ஏனென்றால் விட்டதும் சற்றுத் திரும்பி வரும்.

தட்டையான டென்ட் தையல் என்பதால் முகத்தைக் கீழே வைத்தோம். புடைத்த தையல்கள் இருந்தால் அவை நசுங்காமல் முகம் மேலே இருக்க வேண்டும். ஊசிகளைத் தைத்த பகுதியில் குத்தாமல், சுற்றிலும் விட்ட இரண்டு அங்குல வெற்றுக் கன்வஸில்தான் குத்தினோம். முதலில் ஒரு பக்கம் முழுவதும், பிறகு அதற்குச் செங்குத்தான பக்கம், கடைசியாக எதிர்ப்பக்கங்கள் இரண்டும். ஒவ்வோர் அரை அங்குலத்துக்கும் ஓர் ஊசி. இடைவெளி கூடினால் விளிம்பு அலையலையாகக் காயும். எதிர்ப்பக்கங்களில் இழுப்பு போதாமல் வந்தபோது மறுபடி தெளித்து, ஊசிகளைச் சிறிது சிறிதாக நகர்த்தினோம்.

வெயிலில் வைக்காமல், காற்று வரும் நிழலில் காயவிட்டோம். வாடைக்காற்று வீசும் மாரியில் இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்று நம்பக்கூடாது. மேலே காய்ந்ததாகத் தெரிந்தாலும் கம்பளியின் உள்ளே ஈரம் தங்கும். அப்போது ஊசியை எடுத்தால் துண்டு பழைய வடிவத்துக்கே திரும்பும்.

திரும்பி வருவது முழுக்கக் காய்ந்த துண்டிலும் நடக்கும், ஏனென்றால் முன்னும் பின்னும் இழுக்கும் நூல்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. நாம் செய்தது அந்த இழுவைக்கு எதிராகக் கஞ்சியை மறுபடி இறுக வைத்ததுதான். மச்சாளின் துண்டு முதல் தடவையில் முழுதாக நிமிரவில்லை. மூலைவிட்டங்களுக்கிடையே கால் அங்குல வித்தியாசம் மிஞ்சியது. மறுபடி நனைத்துக் குத்தியபோது சரியானது. அதற்கும் அடங்காத துண்டுக்கு, பலகையில் முகம் கீழாக இருக்கும்போதே பின்பக்கத்தில் மாப்பசையை மெல்லியதாகத் தடவலாம். ஆனால் அது துண்டை விறைப்பாக்கும், பூச்சியையும் வரவழைக்கும். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு ஏற்கலாம், கதிரையில் சாயும் குஷனுக்கு நான் செய்யமாட்டேன். அதற்குப் பதிலாக, நூல் நேராக ஓடும்படி வெட்டிய தடித்த பருத்தித் துணியை உட்பக்கத்தில் நான்கு ஓரமும் இணைத்துத் தைத்தோம். இனி ஈரக்காற்றில் கஞ்சி தளர்ந்தாலும் சாய்வைத் தாங்க அந்தத் துணி இருக்கிறது.