மின்மினி சுடாமல் எரியிறது எப்பிடி?

மாரி தொடங்கினா பூவரசம் வேலியடியில மின்மினி பறக்கிறதை யாழ்ப்பாணத்தில கனபேர் பாத்திருப்பினம், பிடிச்சுக் கையுக்க வச்சாலும் சுடாது. பழைய குண்டு பல்ப்பில கம்பி ரெண்டாயிரம் பாகைக்கு மேல சூடாகி, அந்தச் சூட்டாலதான் வெளிச்சமே வருது, அதால கறண்டில பெரும்பங்கு சூடாவே போயிடும். மின்மினிக்கு அந்தச் சூடாகிற வேலையே இல்லை.

அதின்ர வயித்து நுனியில லூசிஃபெரின் எண்டு ஒரு பொருள் கிடக்கு. லூசிஃபெரேஸ் எண்ட நொதியம் அதை முதல்ல கலத்துக்குச் சக்தி குடுக்கிற ஏடிபி எண்ட பொருளோட சேர்க்கும், பிறகு ஒட்சிசன் வந்து பிடிக்க, உருவாகிற புது மூலக்கூறில ஒரு இலத்திரன் உயர்ந்த நிலைக்குப் போய் நிக்கும், அது கீழ இறங்கேக்க மிச்சச் சக்தி பச்சை மஞ்சள் வெளிச்சமா வெளிய வருது. சூடு அறவே இல்லை எண்டு சொல்லேலாது. வட அமெரிக்க மின்மினி ஒண்டின்ர நொதியத்தை வச்சு 2008ல அளந்தவை, 100 லூசிஃபெரின் மூலக்கூறு எரிஞ்சா 41 அளவுதான் வெளிச்சம் விடுது, மிச்சம் சூடாப் போகுது, ஆனா மொத்தமே இத்தினூண்டு எண்டதால கைக்குத் தெரியாது.

சரி, அப்ப எப்பிடி அணைச்சு அணைச்சு எரியுது? சுவிட்ச் ஒட்சிசன்தான். பூச்சிக்கு நுரையீரல் இல்லை, காத்து குழாய்களால உள்ள போகும். ஒளி விடுற கலத்துக்குள்ள லூசிஃபெரின் நடுவில இருக்க, ஒட்சிசனைப் பாவிச்சுச் சக்தி ஆக்கிற இழைமணிகள் ஓரத்தில நிண்டு வாற ஒட்சிசன் எல்லாத்தையும் தாங்களே பாவிச்சு முடிச்சிடும், அதால இருட்டு. நரம்பிலயிருந்து செய்தி வந்தா நைத்திரிக் ஒட்சைட்டு உருவாகி இழைமணியை ஒரு கணம் நிப்பாட்டுது, ஒட்சிசன் உள்ள பூந்திடும், பளிச். அந்த வாயு கெதியில இல்லாமப் போக திரும்ப இருட்டு. 2001ல வந்த ஆராய்ச்சி சொன்ன விளக்கம் இது, எனக்கு இதுதான் முழுக்கதையிலயும் கெட்டித்தனமான இடம்.

இனி அந்தத் தாளம். அமெரிக்காவில இருக்கிற போட்டினஸ் பைராலிஸ் எண்ட இனத்தில ஆண் பறந்து பறந்து 6 செக்கனுக்கு ஒருக்கா மின்னும், பெண் புல்லில இருந்துகொண்டு ரெண்டு செக்கன் அளவு பொறுத்துத்தான் பதில் மின்னும். ஆண் பாக்கிறது அந்த இடைவெளியைத்தான், பிந்தினாலோ முந்தினாலோ வேற இனம் எண்டு விட்டிட்டுப் போயிடும், ஏனெண்டா ஒரே வெளியில பல இனம் மின்னிக்கொண்டிருக்கும், ஒவ்வொண்டுக்கும் வேற வேற நேரக்கணக்கு.

இதைக் களவெடுக்கிற ஆளும் இருக்கு. போட்டூரிஸ் எண்ட வேற வகைப் பெண், அதே ரெண்டு செக்கன் இடைவெளியில பதில் மின்னி ஆணைக் கூப்பிட்டு, கிட்ட வந்தோடனே பிடிச்சுத் தின்னும். பசிக்கு மட்டும் இல்லை, போட்டினஸ் உடம்பில ஒரு நஞ்சு இருக்கு, போட்டூரிஸால அதைச் செய்யேலாது, தின்ன பிறகு அந்த நஞ்சு இதின்ர உடம்பிலயும் ஏறுறதால சிலந்தி இதைத் தொடாம விட்டிடும்.